அசைபோடும்போது திரும்பி வரும் அகத்தி

"பரண் கொட்டிலில் பத்து ஆடுகள் வைத்திருக்கிறேன். அகத்தியும் சூபாபுலும் வேலியோரம் தழைத்துக் கிடக்கின்றன. சோளத்தட்டையை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்? தழையை மட்டும் போட்டால் போதாதா?" என்று திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். போதாது. தட்டை இல்லாவிட்டால், அவர் வெட்டிப் போடும் தழையின் சத்தில் நல்ல பங்கு சிறுநீரோடு போய்விடும்.

ஆட்டுக்கு நான்கு அறைகள் கொண்ட வயிறு என்பது பள்ளியில் படித்ததுதான். முதல் அறையான பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. தட்டையின் நாரை உடைப்பவை அவைதான். ஆட்டால் அது முடியாது. அவற்றுக்கு உழைக்க மாவுச்சத்தோ நாரோ வேண்டும், பெருகுவதற்கு நைட்ரஜன் வேண்டும். சோளத்தட்டையில் நார் நிறைய உண்டு. புரதமோ உலர் எடையில் நான்கு சதவீத அளவுதான். அகத்தி, சூபாபுல் இலைகளில் இருபது சதவீதத்துக்கும் மேல்.

காலையில் தின்ற அகத்தியின் புரதத்தை நுண்ணுயிரிகள் விரைவாக உடைத்து அம்மோனியா ஆக்கிவிடுகின்றன. அத்தனையையும் அப்போதே பயன்படுத்த அவற்றால் முடியாது. மிச்சம் இரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போய் யூரியாவாக மாறுகிறது. நம் உடலில் உண்டாகும் யூரியா பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். ஆட்டிலோ ஒரு பங்கு எச்சில் சுரப்பிகளுக்குத் திரும்புகிறது. இன்னொரு பங்கு பெருவயிற்றின் சுவர் வழியாகவே உள்ளே கசிகிறது. இரவில் ஆடு படுத்துக்கொண்டு தட்டையை அசைபோடும்போது, ஒவ்வொரு கவளத்தோடும் காலை அகத்தியின் நைட்ரஜன் எச்சிலாக இறங்கி, தட்டையை உடைக்கும் நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது. பெருகிய நுண்ணுயிரிகள் அடுத்த அறைகளுக்கு நகர்ந்து, அங்கே செரித்து, ஆட்டுக்கே புரதமாகின்றன. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை. ராத்திரி உள்ளே தட்டை இருந்தால்தான் திரும்பி வரும் யூரியாவுக்கு வேலை இருக்கும்.

சினையில்லாத 25 கிலோ பெட்டை ஆடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் நீக்கிய எடையில் நாளுக்கு 850 முதல் 900 கிராம் வரை தின்னும். அதற்கு ஒன்றரைக் கிலோ இலை, 300 கிராம் நறுக்கிய சோளத்தட்டை அல்லது கடலைக்கொடி, 150 கிராம் அடர்தீவனம் போதும். ஒன்றரைக் கிலோ என்பது இலையின் எடை மட்டும். கிளையோடு கட்டித் தொங்கவிட்டால், மறுநாள் மிஞ்சிய குச்சிகளை எடைபோட்டுக் கழித்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் கைக்கணக்கு வந்துவிடும். இலையில் பாதிக்கு மேல் சூபாபுல் வேண்டாம். அதிலுள்ள மைமோசின் அளவு மீறினால் முடி கொட்டும், கழுத்தில் தைராய்டு வீங்கும். மீதியை அகத்தி, வேம்பு, பூவரசு, ஆல் என்று கலந்து கொடுங்கள்.

காலையில் ஒரு பிடி தட்டை, பிறகு அடர்தீவனத்தில் பாதி. முற்பகலிலும் மாலையிலும் தழை. மாலைத் தழைக்குப் பின் மீதி அடர்தீவனம். தட்டையின் பெரும்பகுதி இரவுக்கு. பத்து கிலோ அடர்தீவனத்துக்கு 5 கிலோ உடைத்த மக்காச்சோளம், 2 கிலோ கடலைப் புண்ணாக்கு, 2 கிலோ 700 கிராம் தவிடு, 200 கிராம் தாது உப்புக் கலவை, 100 கிராம் சாதா உப்பு. மக்காச்சோளத்தை மாவாக அரைக்காமல் குருணையாக உடைத்தால் போதும்.

அடர்தீவனத்தை ஏன் இத்தனை கிள்ளிக் கொடுக்க வேண்டும்? தானிய மாவுச்சத்து வேகமாகப் புளித்து அமிலமாகிறது. அந்த அமிலத்தை ஆற்றும் சோடா உப்பும் எச்சிலில்தான் இருக்கிறது. எச்சில் ஊற வேண்டுமென்றால் ஆடு நார் மெல்ல வேண்டும். அதே வாசகர், கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைத் தின்ற மறுநாளே தன் கிடா செத்ததையும், ஊரார் திருஷ்டி என்று சொன்னதையும் எழுதியிருக்கிறார். திருஷ்டி இல்லை, அமிலம். வயிறு நிறையச் சோறு தின்ற ஆடு அசைபோடுவதை நிறுத்தும், சோர்ந்து நிற்கும், புளித்த வாடையோடு கழியும். அந்த நேரத்தில் எலுமிச்சம்பழம் சுற்றிக்கொண்டிருந்தால், மருத்துவரை அழைக்க வேண்டிய சில மணி நேரம் கைநழுவிப் போகிறது. இந்த ஒரு நம்பிக்கையால் போன ஆடுகளை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

திட்டம் சரியா என்று அறிய, மதியம் கொட்டில் அடங்கியிருக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். படுத்திருக்கும் ஆடுகளில் பெரும்பாலானவை தாடையை அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். புழுக்கை உதிரி உதிரியாக விழ வேண்டும். ஒட்டிக் கட்டியாக விழுந்தால் அடர்தீவனத்தைக் குறைத்துத் தட்டையைக் கூட்டுங்கள். சினையின் கடைசி ஆறு வாரங்களில் குட்டி வேகமாக வளர்வதால் அடர்தீவனத்தை 250 கிராம் வரை உயர்த்தலாம். ஒரே நாளில் ஏற்றாமல் இரண்டு நாளுக்கு 25 கிராம் வீதம் ஏற்றுங்கள். பெருவயிற்று நுண்ணுயிரிகள் புதிய தீவனத்துக்குப் பழக அத்தனை நாள் தேவைப்படுகிறது.