வெர்னியர்: எந்தக் கருவிக்கு அந்தப் பெயர்?

பெங்களூரு பீன்யாவின் லேத் பட்டறைகளில் "அந்த வெர்னியரை எடுப்பா" என்று நம்மவர்கள் கேட்டால், பல சமயம் கையில் வருவது சின்னத் திரை வைத்த டிஜிட்டல் காலிப்பர். பேச்சில் அது செல்லும். ஆனால் எஸ்.பி. ரோட்டுக் கடையிலிருந்து ஒருவர் படம் அனுப்பி "இது வெர்னியர்தானே?" என்று கேட்டால், சரியாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பியர் வெர்னியர் பிரான்ஸ் நாட்டுக் கணிதவியலர். 1631-இல் அவர் விவரித்தது காலிப்பரை அல்ல. கோணம் அளக்கும் கருவியின் பெரிய அளவுகோலை ஒட்டி நகரும் சிறிய துணை அளவுகோலை. ஆக, வெர்னியர் என்பது அந்தத் துணை அளவுகோலின் பெயர். காலிப்பர் என்பது பொருளைக் கவ்வும் தாடைகள் கொண்ட கருவி. இரண்டும் சேர்ந்ததைப் பள்ளிப் பாடநூல் வெர்னியர் அளவி என்கிறது. நல்ல சொல், பட்டறையிலும் தாராளமாகப் புழங்கலாம்.

படத்தில் நகரும் தாடையைப் பாருங்கள். அங்கே நெருக்கமான கோடுகள் இருந்தால் வெர்னியர் அளவி. முள் வட்டம் இருந்தால் டயல் காலிப்பர். திரை இருந்தால் டிஜிட்டல். மூன்றும் அளப்பது வெளிவிட்டம், உள்விட்டம், ஆழம். வளைந்த சட்டமும் திருகும் உருளையும் தெரிந்தால் அது மைக்ரோமீட்டர், தமிழில் திருகு அளவி. மெல்லிய தகடு, கம்பிக்கு ஏற்றது. திரை இருக்கிறதே என்று டிஜிட்டல் காலிப்பரை மல்டிமீட்டர் என்றுவிடக் கூடாது. மல்டிமீட்டரில் நடுவே திருப்பும் குமிழும், சிவப்பு, கறுப்பு ஒயர்களும் இருக்கும். அது அளப்பது மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை. பன்மானி என்ற சொல் அதற்குப் பொருந்தும்.

பட்டறை வெர்னியரில் பெரும்பாலும் துணை அளவுகோலின் 50 பிரிவுகள் 49 மி.மீ. நீளத்தில் அடங்கும். அதனால் ஒரு பிரிவு 0.98 மி.மீ.; ஒரு மில்லிமீட்டருக்கு அது குறைகிற 0.02 மி.மீ.தான் மீச்சிற்றளவு, அதாவது அந்தக் கருவியால் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு. ஒரு தண்டை அளக்கும்போது துணை அளவுகோலின் சுழி 24 மி.மீ.-ஐத் தாண்டி நிற்கிறது, அதன் 18-ஆவது கோடு பெரிய அளவுகோலின் ஒரு கோட்டோடு நேராகப் பொருந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 18 × 0.02 = 0.36. அப்படியானால் விட்டம் 24.36 மி.மீ. பள்ளி ஆய்வகக் கருவியில் வழக்கமாக 10 பிரிவுகள்தான், மீச்சிற்றளவு 0.1 மி.மீ. படத்தில் கோடுகளை எண்ணினாலே எது என்று தெரிந்துவிடும்.

கருவியின் பெயரைப் படம் பார்த்துச் சொல்லலாம், அளவைச் சொல்லும்போது கவனம் வேண்டும். பல கருவிகளில் இரண்டு அளவுகோல்களும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் 18-க்குப் பதில் 17-ஆவது கோடு பொருந்துவதுபோல் தோன்றலாம். கோடுகளுக்கு நேர் எதிரே போனைப் பிடித்து எடுத்த படத்தைக் கேட்டு வாங்குங்கள்.