354 ரூபாய்க்கு ஒரு பைசாக் கணக்கு

எங்கள் இராமநாதபுரம் கரையோரத்தில் வங்கிக் கணக்கு மெலியும் மாதங்கள் எவை என்று பஞ்சாங்கம் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், இருந்த பணம் வலைக்கும் எஞ்சின் பழுதுக்கும் போகும். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால், தடை முடிந்த கையோடு பாஸ்புக்குடன் என்னைத் தேடி வருபவர்கள் உண்டு.

போன ஆண்டு தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பெண் வந்தார். “ஜூன் 8-ஆம் தேதி 453 ரூபாய் 12 பைசா பிடித்திருக்கிறார்கள் சார். இருந்ததே 1,500 ரூபாய்தான்” என்றார். பாஸ்புக்கில் AMB CHRG INCL GST APR என்று ஒரே வரி. ஏப்ரல் மாதச் சராசரி இருப்பு குறைந்ததற்கான அபராதமும் அதன் மேல் வரியும் சேர்ந்த தொகை அது.

கணக்குத் தொடங்கியபோது தந்த கட்டண அட்டவணையை அவர் பத்திரமாக வைத்திருந்தது என் அதிர்ஷ்டம். மாநகரக் கிளைக்கு மாதச் சராசரி 10,000, சிறு நகரக் கிளைக்கு 5,000, குறையும் தொகையில் 6 சதவீதம் அபராதம், வரி தனி. ரிசர்வ் வங்கியின் 2014 நவம்பர் சுற்றறிக்கைப்படி, அபராதம் இப்படிக் குறைவின் அளவுக்கு ஏற்றதாகத்தான் இருக்க வேண்டும். எவ்வளவு குறைந்தாலும் ஒரே தொகை என்று பிடித்தால் அதுவே கேள்வி கேட்க வேண்டிய இடம்.

முதலில் சராசரியைப் போட்டோம். ஒவ்வொரு நாளின் இறுதி இருப்பையும் கூட்டி, மாதத்தின் நாள்களால் வகுக்க வேண்டும். ஏப்ரல் 1 முதல் 14 வரை 6,000 ரூபாய் இருந்தது: 84,000. பதினைந்தாம் தேதி 4,500 எடுத்துவிட்டதால், அடுத்த 16 நாளும் 1,500: 24,000. மொத்தம் 1,08,000. முப்பதால் வகுத்தால் 3,600. ‘மாதக் கடைசியில் 1,500தானே இருந்தது’ என்று பலர் இங்கேதான் தங்களுக்கு எதிராகவே கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள்.

வங்கி என்ன கணக்குப் போட்டது என்பதைப் பிடிக்கப்பட்ட தொகையே சொல்லிவிடும். பின்னாலிருந்து பிரிக்க வேண்டும். ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆகவே 453.12-ஐ 1.18-ஆல் வகுத்தால் அபராதம் 384, வரி 69.12. (சில வங்கிகள் மத்திய, மாநில வரி என 34.56 வீதம் இரண்டு பதிவாகக் காட்டும். அது இரட்டை வரி அல்ல.) 384 என்பது 6 சதவீதம் என்றால் குறைவு 6,400. அதோடு 3,600-ஐக் கூட்டினால் சரியாக 10,000.

“கணக்கை எங்கே தொடங்கினீர்கள் அம்மா?”

“கல்யாணத்துக்கு முன்னால் மதுரையில் ஜவுளிக்கடையில் இருந்தபோது சார். பிறகு இராமேசுவரம் கிளைக்கு மாற்றிக்கொண்டேன்.”

கிளை மாறியிருக்கிறது, கணினியில் கணக்கின் வகை மாறவில்லை. 10,000-லிருந்து ஒரு லட்சத்துக்குள் மக்கள்தொகை உள்ள ஊர்கள் சிறு நகர வகையில் வரும், இராமேசுவரம் அதில் அடங்கும். 5,000 அளவில் குறைவு 1,400, அபராதம் 84, வரி 15.12. ஆக 99.12 ரூபாய்தான் பிடித்திருக்க வேண்டும்.

அபராதமே கூடாது என்று வாதாட இடமிருக்கிறதா என்றும் பார்த்தேன். பிரதமர் ஜன் தன் கணக்கு போன்ற அடிப்படைச் சேமிப்புக் கணக்காக இருந்தால் குறைந்தபட்ச இருப்பே கிடையாது. இது அந்த வகை அல்ல. முன்னறிவிப்பு தந்து, இருப்பைச் சரிசெய்ய ஒரு மாதம் விட வேண்டும். மே 5-ஆம் தேதி குறுஞ்செய்தி வந்திருந்தது. ஆகவே மிகையாகப் பிடித்ததை மட்டும் கேட்பதுதான் நியாயம்.

கிளை மேலாளருக்கு அரைப்பக்கக் கடிதம். சராசரிக் கணக்கு, அட்டவணையின் நகல், கிளை மாற்றிய தேதி, கேட்கும் தொகை 354 ரூபாய். கணக்கின் வகையை மாற்றும்படியும் ஒரு வரி, இல்லாவிட்டால் மே மாதத்துக்கும் இதே தவறு வரும். கையெழுத்துடன் ஒப்புகை வாங்கச் சொன்னேன். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போக அந்த ஒப்புகை வேண்டும்.

ஒரு வாரத்தில் 300 ரூபாய் வந்தது. மிகை அபராதம் அவ்வளவுதான், 384-இல் 84 போக. அதன் மேல் பிடித்த வரி 54 ரூபாய் வரவில்லை. “வரி அரசாங்கத்துக்குப் போய்விட்டது” என்றாராம் கவுன்டரில் இருந்தவர். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான், அந்தப் பதில் எனக்குத் தெரியும். கட்டணத்தைத் திருப்பினால் அதற்குரிய வரியையும் குறைத்து வரவுக் குறிப்பு போட ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆம் பிரிவு வழி தருகிறது. அதைக் குறிப்பிட்டு இரண்டாவது கடிதம். நான்காம் நாள் 54 ரூபாய் வந்தது.

ஜூலையில் மே மாதத்துக்காக 247.80 பிடித்திருந்தார்கள். மே முழுவதும் 1,500தான் இருந்தது. குறைவு 3,500, அபராதம் 210, வரி 37.80. இந்த முறை என்னிடம் வருமுன்பே அவரே வகுத்துப் பார்த்துவிட்டார். “சரியாக இருக்கிறது சார்” என்று தொலைபேசியில் சொன்னார்.