"ஓடிபியை யார்கிட்டயும் சொல்லலையே சார்"

வங்கிக் கிளையில் என் முன்னால் வந்து உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். பொய் இல்லை, உண்மையிலேயே சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டிய அவசியமே ஏற்பட்டிருக்காது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு ஆப்பில் 799 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தார். பணம் போனது, ரீசார்ஜ் ஆகவில்லை. அந்த ஆப்பின் பெயரோடு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று சேர்த்துக் கூகுளில் தேடினார். மேலாக வந்த பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு பத்து இலக்கச் செல்போன் எண். அப்படி ஒரு பக்கத்தை யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம். கூகுள் மேப்பில் இருக்கும் வங்கிக் கிளையின் எண்ணைக்கூட, 'திருத்தம் பரிந்துரை' வழியாக மாற்றிவிட்ட சம்பவங்கள் உண்டு.

எதிர்முனையில் பேசியவர் "அம்மா, அம்மா" என்று நல்ல தமிழில் பேசினார். "சர்வர் பிரச்சினைம்மா, ஒரு ஆப் போட்டா ரீஃபண்டை நானே போட்டு விட்டுடறேன்" என்றார். AnyDesk போன்ற ஆப் அது. பிளே ஸ்டோரில் கிடைப்பது, வைரஸ் இல்லை. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்கள் தினமும் பயன்படுத்துவது. அதனால் போன் அதை வைரஸ் என்று தடுக்காது. ஆசிரியை திரையில் தெரிந்த எண்ணைப் படித்துச் சொன்னார், அனுமதி கேட்டபோது சம்மதம் கொடுத்தார். அந்த நொடியிலிருந்து இவர் திரை அவருக்கும் தெரிந்தது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வங்கி ஆப்கள் பலவற்றில் பின் நம்பர் போடும் பக்கம் திரைப் பகிர்வில் கருப்பாகத்தான் தெரியும். மோசடிக்காரருக்கும் அது தெரியும். அதனால்தான் அவர் வங்கி ஆப் பக்கமே போகாமல் ஒரு 'ரீஃபண்ட் ஃபார்ம்' லிங்க் அனுப்புகிறார். அதில் கார்டு எண், காலாவதித் தேதி, பின்புறமுள்ள மூன்று இலக்கம் எல்லாம் கேட்டிருக்கும். ஆசிரியை நிரப்பிக்கொண்டிருந்தபோதே, அந்த விவரங்களை வைத்து வேறொரு தளத்தில் பொருள் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். ஓடிபி குறுஞ்செய்தியாக வந்து திரையின் மேலே எட்டிப் பார்த்தது. மோசடிக்காரர் அதைப் படித்துக்கொண்டார். 49,000 ரூபாய், இரண்டு முறை. "லைன்ல இருங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்ததற்கும் காரணம் உண்டு: பேச்சில் கவனம் இருந்தால் டெபிட் செய்தி கண்ணில் படாது.

ரீஃபண்ட் என்பது பணம் போன கணக்குக்கே தானாகத் திரும்புவது. அதற்கு உங்கள் கார்டு எண்ணும் வேண்டாம், திரையும் வேண்டாம். பேச வேண்டுமென்றால் பணம் கட்டிய ஆப்புக்குள்ளேயே இருக்கும் உதவிப் பகுதிக்குப் போங்கள். வங்கி என்றால் கார்டின் பின்புறம் எண் அச்சாகியிருக்கும்.

ஆப் போட்ட பிறகு சந்தேகம் வந்தால், முதலில் வைஃபை, மொபைல் டேட்டா இரண்டையும் அணையுங்கள். திரைப் பகிர்வு அறுந்துவிடும். ஆப்பை நீக்குங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கார்டை முடக்கச் சொல்லுங்கள், அடுத்ததாக 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். அங்கே புகார் பதிவானால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் அது இன்னும் எடுக்கப்படாமல் இருக்கும்பட்சத்தில் நிறுத்தி வைக்க முடியும். ஆசிரியை மறுநாள் காலை கிளை திறக்கும்வரை காத்திருந்தார். எங்களிடம் வருவதற்கு முன்பே, இரவிலேயே 1930-ஐ அழைத்திருக்கலாம்.