சாவி மட்டும் வெள்ளத்தோடு போனது

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. பினாங்கில் அன்று பிடித்த மழை மறுநாள் விடியும்வரை விடவில்லை. ஜாலான் பி. ரம்லி பக்கம் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் தண்ணீர் இடுப்பளவு ஏறிவிட்டது. மேசையும் மேசைமேல் இருந்த லேப்டாப்பும் சேற்றில் கவிழ்ந்து கிடந்தன. லேப்டாப் போனதற்காக நான் பெரிதாகக் கலங்கவில்லை. எழுதிவந்த செயலியின் நிரல் முழுவதும் இணையத்தில், கிட் களஞ்சியத்தில் இருந்தது.

அது கடைகளுக்கான கடன் கணக்குச் செயலி. யார் எவ்வளவு பாக்கி, எப்போது கட்டினார் என்று குறித்துக்கொள்வதற்கு. லிட்டில் இந்தியாவிலும் சுற்றுவட்டத்திலுமாக 31 கடைகள் பயன்படுத்தின. பிளே ஸ்டோருக்கு நான் போகவில்லை. புதுப் பதிப்பு வந்தால் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், அவர்கள் தொட்டு ஏற்றிக்கொள்வார்கள். கணக்கெல்லாம் அவரவர் போனுக்குள்ளேயே இருந்தது.

புது லேப்டாப்பில் நிரலை இறக்கி, ஒரு சின்னப் பிழையைத் திருத்தி, மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் மசாலாக் கடை வைத்திருக்கும் பாய்க்கு அனுப்பினேன். அவர் போனில் ‘App not installed’ என்று மட்டும் வந்தது. கடைக்கே போய்க் கேபிள் மாட்டிப் பார்த்தபோது முழுக் காரணம் தெரிந்தது:

```
Failure [INSTALL_FAILED_UPDATE_INCOMPATIBLE:
Package my.kadan.app signatures do not match
the previously installed version; ignoring!]
```

கையெழுத்து பொருந்தவில்லை என்று போன் சொல்கிறது. பழைய கையெழுத்தைப் போட்ட சாவி `kadan.jks` என்ற கோப்பில் இருந்தது. அது லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. களஞ்சியத்தில் சாவியை ஏற்றக்கூடாது என்பதால் அதை `.gitignore`-இல் சேர்த்திருந்தேன். அது சரியான பழக்கம்தான். ஆனால் அந்தப் பழக்கத்தாலேயே நிரலுக்கு இருந்த காப்பு சாவிக்கு இல்லாமல் போயிற்று. தனியாக வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

பாய்க்குப் புரியவில்லை. “தம்பி, பேங்க்ல பின் மறந்தா ஐ.சி.யக் காட்டி மாத்திக்கிறோம்ல. இதுக்கு யார்கிட்ட போய் ஐ.சி. காட்டணும்?”

“யார்கிட்டயும் முடியாது பாய். இதை எழுதி வச்சிருக்க ஆபீஸே கிடையாது.”

அவர் கேட்ட கேள்விதான் இதன் மையம். கடை ரசீதில் நாம் ‘சாப்’ குத்துகிறோம். அந்த சாப்பைத் தொலைத்தால், பழைய ரசீதைக் காட்டி அதே மாதிரி இன்னொன்று செய்துகொள்ளலாம். செயலிக்குக் குத்தும் சாப் அப்படியில்லை. அதில் இரண்டு சாவிகள் சோடியாக உண்டு. ரகசியச் சாவி குத்துவதற்கு, பொதுச் சாவி குத்தியது சரிதானா என்று பார்ப்பதற்கு. செயலியைக் கட்டும்போது அதன் உள்ளடக்கம் முழுவதிலிருந்தும் 32 பைட் நீளமுள்ள ஒரு சுருக்கம் கணக்கிடப்படும். செயலியில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் இந்தச் சுருக்கம் அடியோடு மாறிவிடும். ரகசியச் சாவி அந்தச் சுருக்கத்தின் மேல் கையெழுத்திடுகிறது. கையெழுத்தும், பொதுச் சாவி அடங்கிய சான்றிதழும் செயலியோடு சேர்ந்தே போகின்றன. போன் பொதுச் சாவியை வைத்துக் கையெழுத்தைச் சரிபார்க்கிறது. பொதுச் சாவி எத்தனை பேர் கையில் இருந்தாலும், அதிலிருந்து ரகசியச் சாவியைப் பின்னோக்கிக் கணக்கிட்டு எடுக்க இன்றைய கணினிகளால் ஆகாது. அதனால் 31 போன்களில் என் கையெழுத்து இருந்தும், அதைப் போட்ட சாவியை அவற்றிலிருந்து மீட்க வழியில்லை.

அந்தச் சான்றிதழை யாரும் எனக்கு வழங்கவில்லை, நானே எனக்கு எழுதிக்கொண்டது. செயலி முதல்முறை ஏறும்போது, இதை எழுதியவர் யார் என்று ஆண்ட்ராய்டு விசாரிப்பதில்லை. சான்றிதழைக் குறித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அடுத்த முறை அதே பெயரில், `my.kadan.app` என்று ஒரு கோப்பு வந்தால், குறித்து வைத்த சான்றிதழோடு பொருத்திப் பார்க்கிறது. நீங்கள் யார் என்பது போனுக்குத் தேவையில்லை. போன தடவை வந்த அதே கைதானா என்பதுதான் கேள்வி.

இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் உண்டு. புதுப் பதிப்பாக ஏறும் செயலிக்குப் பழைய பதிப்பு சேர்த்து வைத்த தரவெல்லாம் அப்படியே கிடைக்கும். இந்தச் சோதனை மட்டும் இல்லையென்றால், எவனோ ஒருவன் அதே பெயரில் ஒரு கோப்பைக் கட்டி வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டு, 31 கடைகளின் கணக்கையும் படித்துவிடலாம். திருடனைத் தடுக்கும் அதே பூட்டுதான் சாவியைத் தொலைத்த என்னையும் தடுத்தது. இரண்டு பேருக்கும் நடுவே வித்தியாசம் காண போனுக்கு வழியில்லை.

பழைய செயலியை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றலாமே என்றால், நீக்கியவுடன் தரவு அழிந்துவிடும். கணக்கைக் கோப்பாக வெளியே எடுக்கும் வசதியைப் பழைய பதிப்பில் நான் வைத்திருக்கவில்லை. அந்த வசதியைச் சேர்த்துப் புதுப் பதிப்பு அனுப்பலாம் என்றால், அதற்குத்தான் சாவி வேண்டும்.

கடைசியில் கைகொடுத்தது அன்றைய ஆண்ட்ராய்டில் இருந்த ஒரு பழைய கட்டளை:

```
adb backup -f kadai.ab my.kadan.app
```

போனைக் கேபிளில் மாட்டி இதைக் கொடுத்தால், திரையில் அனுமதி கேட்கும். கடைக்காரர் சம்மதித்து அழுத்தினால் செயலியின் தரவு ஒரே கோப்பாகக் கணினிக்கு வரும். கடவுச்சொல் போடாவிட்டால், அந்தக் கோப்பின் முதல் 24 பைட் வெறும் தலைப்பு, மீதி சுருக்கிய பொதி. அதைப் பிரித்து உள்ளே இருந்த `db` கோப்புறையிலிருந்து தரவுத்தளத்தை எடுத்தேன். புதுச் செயலியை வேறு பெயரில் கட்டி, பழையதை நீக்காமல் பக்கத்திலேயே ஏற்றி, அந்தத் தரவுத்தளத்தை அதற்குக் கொடுத்தேன். பாய் இரண்டு திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்து, பாக்கித் தொகையை ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டுவிட்டுத்தான் பழையதை நீக்க விட்டார். இப்படியே 31 கடைகளுக்கும் நேரில் போய்ச் செய்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. இன்று இந்த வழியும் கிட்டத்தட்ட அடைபட்டுவிட்டது. ஆண்ட்ராய்டு 12 முதல், அந்தப் பதிப்பை இலக்காக வைத்துக் கட்டிய செயலிகளின் தரவை இந்தக் கட்டளை எடுப்பதில்லை.

பிளே ஸ்டோர் வழியாக வெளியிடுகிறவர்களுக்கு நிலைமை இப்போது வேறு. 2021 ஆகஸ்ட் முதல் அங்கே புதிதாகச் சேரும் செயலிகளுக்கு இரண்டு சாவிகள். கடைசிக் கையெழுத்தைப் போடும் சாவி கூகுளிடம் இருக்கிறது. உங்களிடம் இருப்பது, கோப்பை அனுப்பியது நீங்கள்தான் என்று கூகுளுக்குக் காட்டும் பதிவேற்றச் சாவி. இது தொலைந்தால் புதிதாக ஒன்றை உண்டாக்கி, அதன் சான்றிதழை பிளே கன்சோலில் கொடுத்து மாற்றக் கோரலாம். சில நாளில் வேலை முடிந்துவிடும். பாய் சொன்ன ‘ஐ.சி. காட்டும்’ வழி இங்கே உண்டு, ஏனென்றால் நடுவில் ஒருவர் இருக்கிறார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே செயலியை பிளே ஸ்டோரிலும் விட்டு, நேரடியாகவும் கொடுத்தால், இரண்டிலும் ஒரே சாவியின் கையெழுத்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றின் மேல் மற்றொன்று ஏறாது.

ஆண்ட்ராய்டு 9 முதல் சாவியை மாற்றும் ஏற்பாடும் உண்டு. ஆனால் ‘இனி இந்தப் புதுச் சாவியும் என்னுடையதே’ என்று பழைய சாவிதான் கையெழுத்திட வேண்டும். சாவி கையில் இருக்கும்போதே மாற்றிக்கொள்ள அது உதவும், தொலைத்தபின் உதவாது.

இப்போது நான் சாவியை எப்படி வைத்திருக்கிறேன் என்று சொல்கிறேன். உண்டாக்கியது இப்படி:

```
keytool -genkeypair -keystore kadan2.jks \
  -alias kadan -keyalg RSA -keysize 4096 \
  -validity 10000
```

10000 நாள் என்பது 27 வருடத்துக்கும் மேல். செயலியின் ஆயுளைவிடச் சாவியின் ஆயுள் நீளமாக இருக்கட்டும் என்றுதான். உருவாகும் கோப்பு சில கிலோபைட்தான். கோப்பு மட்டும் இருந்தால் போதாது, கடவுச்சொல்லும் `alias` பெயரும் வேண்டும். கோப்பைப் பத்திரமாக வைத்துக் கடவுச்சொல்லை மறந்தவர்களும் என்னைப் போலவே கடை கடையாக அலைய வேண்டியதுதான். பலர் கடவுச்சொல்லை `key.properties`-இல் எழுதி அதே லேப்டாப்பில் விட்டிருப்பார்கள். லேப்டாப் போனால் அதுவும் கூடவே போய்விடும்.

ஆகவே சாவிக்கு மூன்று பிரதிகள். வேலை செய்யும் லேப்டாப்பில் ஒன்று. கடவுச்சொல் பெட்டகச் செயலியில் இணைப்பாக இன்னொன்று, அதே பதிவில் கடவுச்சொல்லும் `alias` பெயரும். மூன்றாவது ஒரு பென்டிரைவில், ஈப்போவில் அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது. அந்தக் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி உறையிலிட்டு பட்டர்வொர்த்தில் தம்பி வீட்டில் வைத்திருக்கிறேன். ஒரு வீட்டில் திருடு போனாலும் சாவியும் சொல்லும் சேர்ந்து போகாது. எங்கள் தெருவில் வெள்ளம் வந்தால் ஈப்போவுக்கு ஒன்றும் ஆகாது. கடவுச்சொல்லை மட்டும் நீளமாக, எங்குமே பயன்படுத்தாததாக வைத்திருக்கிறேன். கோப்பு யார் கையிலாவது சிக்கினால், நிதானமாக உட்கார்ந்து கோடிக்கணக்கான சொற்களைப் போட்டுப் பார்க்க அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. கசிந்த சாவியைச் செல்லாது என்று எல்லாப் போன்களுக்கும் அறிவிக்கும் வழியும் ஆண்ட்ராய்டில் இல்லை.

வருடத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஈப்போ போகும்போது, அந்தப் பென்டிரைவை அக்கா மகனின் கணினியில் மாட்டுகிறேன். கோப்பு திறக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. பழைய வகைச் சாவிக் கோப்புகளில் பெட்டிக்கு ஒரு கடவுச்சொல், உள்ளே இருக்கும் சாவிக்கு வேறொன்று இருக்கலாம். பெட்டி திறந்தும் சாவி திறக்காமல் போகலாம். அதனால் அங்கேயே ஒரு செயலியில் அந்தச் சாவியால் கையெழுத்திட்டு, அந்தக் கையெழுத்தை இப்படிச் சரிபார்க்கிறேன்:

```
apksigner verify --print-certs kadan.apk
```

இது காட்டும் SHA-256 கைரேகையை, அச்சடித்து அதே அலமாரியில் வைத்திருக்கும் தாளோடு ஒப்பிடுகிறேன். 64 எழுத்து, எல்லாம் பொருந்த வேண்டும். பிறகு முந்தைய பதிப்பு ஏற்கெனவே இருக்கும் என் பழைய போனில் அந்தக் கோப்பைத் தொடுகிறேன். இருக்கிற செயலியைப் புதுப்பிக்கவா என்று போன் கேட்டு, ஏறி, உள்ளே போட்டுவைத்த சோதனைக் கணக்கு அப்படியே இருந்தால், பென்டிரைவைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.