பூநாரையின் கால் எங்கே போனது?

பள்ளிக்கரணையில் பார்த்த பூநாரையைக் கறுப்பு அட்டையில் வெட்டி, அடியிலிருந்து ஒளிரும் லைட்பாக்ஸ் மேல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுத்து நடக்கவிட்டேன். எட்டு விநாடி ஷாட், விநாடிக்கு 12 படம், ஆக 96 படம். ஓட்டிப் பார்த்தால் பறவை சிறகை விரிக்கும்போதெல்லாம் வானம் பளீரென்று வெளுக்கிறது, அதே நேரத்தில் கால் பாதி கரைந்துபோகிறது.

தோல்பாவைக் கூத்தில் நாம் பார்ப்பது திரையில் விழும் நிழலை. பாவை துணியை விட்டு விலகினால் விளிம்பு மங்கும். லைட்பாக்ஸில் அப்படியில்லை, மேலே மாட்டிய கேமரா காகிதத்தையே நேராகப் பார்க்கிறது, காகிதம் வெளிச்சத்தை மறைக்கிறது, அவ்வளவுதான். ஆக விளிம்பு கெட்டால் சந்தேகப்பட வேண்டியது போகஸையும் வெளிச்ச அளவையும்.

நான் கேமராவை ஆட்டோவில் விட்டிருந்தேன். அது படம் மொத்தத்தையும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். சிறகு விரிந்தால் கறுப்பு கூடுகிறது, "அடடா, இருட்டாக இருக்கிறதே" என்று அது வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது. வெள்ளை நிரம்பி வழிய, லென்ஸுக்குள் சிதறும் ஒளி கறுப்பின் ஓரங்களைத் தின்கிறது. உடம்புக்கு அது தெரியாது. ஆனால் கால் ஒன்றரை மில்லிமீட்டர்தான், 30 செ.மீ. அகலக் காட்சியை 1920 பிக்சலில் எடுத்தால் அதற்குக் கிடைப்பது பத்துப் பிக்சல், இரண்டு பக்கமும் மும்மூன்று போனால் மிச்சம் என்ன இருக்கும்?

சரி, மேனுவலுக்கு மாற்றினேன். காலிப் பெட்டியைப் படமெடுத்து, கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமில் வெள்ளையின் மேடு வலது சுவரைத் தொடாமல் சற்று முன்னால் நிற்கும்படி வைத்தேன். கால் திரும்பி வந்தது. ஆனாலும் வானம் லேசாகத் துடித்தது, இந்த முறை பறவை அசையாதபோதும்.

அது மின்சாரத்தின் வேலை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஷட்டர் 1/160 என்றால் ஒரு துடிப்பைக்கூட முழுதாகப் பார்க்காது, ஒரு படத்தில் உச்சம் மாட்டும், அடுத்ததில் பள்ளம். 1/5 விநாடி வைத்தால் இருபது துடிப்பும் சேர்ந்து சமமாகிவிடும். வெளிச்சம் அதிகமாகுமே என்றால் லென்ஸின் துளையை f/11க்குச் சுருக்கினால் போதும், சற்றே சுருண்ட காகிதமும் போகஸுக்குள் நிற்கும். எந்தக் கோளாறு என்று குழப்பமாக இருந்தால் பாவையை எடுத்துவிட்டு வெறும் பெட்டியை இருபது படம் எடுத்து ஓட்டுங்கள். அப்போதும் துடித்தால் விளக்கு, பாவை அசையும்போது மட்டும் மாறினால் ஆட்டோ.

அப்புறம் அறை விளக்கை அணைக்க வேண்டும். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் கறுப்பு அட்டை சாம்பலாகி, முட்டியில் ஒன்றன்மேல் ஒன்று வைத்த இணைப்பு தெரிந்துவிடும். மின்விசிறியும் கூடாது, காகிதம் பறக்கும். சென்னை மே மாதத்தில் 96 படம் அப்படித்தான் எடுத்தேன், வியர்வை பெட்டியின் கண்ணாடியில் சொட்டியதில் மூன்றை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.