கொடுத்த வேலைய நீங்களே திரும்ப வாங்கிக்காதீங்க

15 வருஷமா சாஃப்ட்வேர்ல இருக்கேன், புதுசா மேனேஜர் ஆகுறவங்க கூட உக்காந்து பேசுறதும் இப்போ என் வேலைல ஒண்ணு. கிட்டத்தட்ட எல்லார்கிட்டயும் நான் பாக்குற தப்பு, கொடுத்த வேலைய பாதில தாங்களே எடுத்து செஞ்சிடுறதுதான்.

போன வருஷம் ஒருத்தர், டீம்லயே அவர்தான் நல்லா கோட் எழுதுவார், 6 பேருக்கு மேனேஜர் ஆனார். ஒரு ஜூனியர் பொண்ணுகிட்ட ரீஃபண்ட் மாட்யூல கொடுத்தார். வியாழக்கிழமை டெமோ, புதன் சாயங்காலம் தொறந்து பாத்தா ஆர்டர்ல ஒரு பொருளுக்கு மட்டும் பணம் திருப்பித் தர்றது வேலை செய்யல, ராத்திரி அவரே உக்காந்து எழுதி முடிச்சிட்டார். டெமோ நல்லாவே போச்சு. ஆனா அடுத்த வாரத்துலேர்ந்து அந்தப் பொண்ணு எதுக்கெடுத்தாலும் "அண்ணா, இப்படிப் பண்ணலாமா?"ன்னு கேக்குது, மத்தவங்களும் அப்படியே ஆயிட்டாங்க, ஒரு மாசத்துல 11 புல் ரிக்வெஸ்ட் அவர் பாக்கறதுக்காக காத்துக்கிட்டு நிக்குது. பகல் பூரா மீட்டிங், ராத்திரி ரிவ்யூ. டீம் ரொம்ப ஸ்லோன்னு என்கிட்ட வந்து சொன்னார்.

வேலைய கொடுக்கும்போது என்ன சொன்னீங்கன்னு கேட்டேன். "ரீஃபண்ட் பாத்துக்கோம்மா"ன்னாராம், அவ்வளவுதான்.

அங்கதான் விஷயமே இருக்கு. தானே செய்யும்போது எல்லாமே அவர் தலைக்குள்ள இருந்துச்சு, யாருக்கும் சொல்லத் தேவையில்ல. இப்போ அத வெளிய எடுத்துச் சொல்லணும்: எது எது வேலை செஞ்சா முடிஞ்சதா அர்த்தம் (முழு ரீஃபண்ட், ஒரு பொருளுக்கு மட்டும், பட்டன ரெண்டு தடவ அமுக்குனா பணம் ரெண்டு தடவ போகக்கூடாது), எத அவங்களே முடிவு பண்ணலாம், எத கேட்டுட்டுப் பண்ணணும், நாம எப்போ பாப்போம். பாக்கறத ரெண்டாவது நாளே பாக்கணும், கோட் எழுதறதுக்கு முன்னாடி. அப்போ தப்ப திருத்த அரை மணி நேரம் போதும், புதன் சாயங்காலம்னா ராத்திரி முழுக்க ஆகும்.

இன்னொண்ணு, எவ்வளவு அடிக்கடி பாக்கணுங்கறது ஆள பொறுத்தது இல்ல, அந்த வேலைய பொறுத்தது. அதே பொண்ணு ரெண்டு வருஷமா ரிப்போர்ட்ஸ் பண்ணுது, அதுல தலையிடவே வேணாம். பேமெண்ட்ஸ் அதுக்குப் புதுசு.

சரி, புதன் சாயங்காலம் ஆயிடுச்சு, இப்போ என்ன பண்றது? பக்கத்துல உக்காருங்க, கீபோர்ட அவங்ககிட்டயே விடுங்க. அப்பவும் முடியாதுன்னா அந்த ஒரு கேஸ டெமோலேர்ந்து எடுத்துட்டு கிளையன்ட்கிட்ட அடுத்த வாரம்னு சொல்லுங்க, அதச் சொல்ற அதிகாரம் மேனேஜர்கிட்டதான் இருக்கு, ஜூனியர்கிட்ட இல்ல. புரொடக்‌ஷன்ல நிஜமாவே பணம் தப்பா போகுதுன்னா மட்டும் நீங்க இறங்கலாம், ஆனா ஏன் இறங்குனீங்கன்னு மறுநாள் சொல்லி வேலைய திருப்பிக் கொடுத்துடணும்.

அந்த மேனேஜர லேப்டாப் இல்லாம ரெண்டு நாள் லீவு போடச் சொன்னேன். திரும்பி வந்து, தான் இல்லாததால எது எது நின்னுச்சுன்னு எழுதினார், 4 விஷயம். ஒவ்வொண்ணையும் ஒருத்தர்கிட்ட 20 நிமிஷம் உக்காந்து பேசி ஒப்படைச்சார். அந்தப் பொண்ணோட அடுத்த மாட்யூல் அவர் செஞ்சிருந்தா ஆகுறத விட 3 நாள் கூட ஆச்சு, அவர் ஒரு வரிகூட எழுதல.