'ஃபெர்ரிட்டின் நார்மல்' என்று எழுதி அனுப்புவதற்கு முன்

"இரும்புச்சத்து சரியாக இருக்கிறது, இது முடக்குவாதத்தால் வரும் சோகை" என்று எழுதிய சீட்டோடு இன்னொருவர் வந்துவிட்டார். இப்படி வருபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கே சலிப்பாகிவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

வந்தவர் நாற்பதுகளில் இருக்கும் பெண்மணி. பல வருடங்களாக முடக்குவாதம், கை மூட்டுகளில் வீக்கம், வலி தாங்காத நாட்களில் வலி மாத்திரை. ஒரு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. ஹீமோகுளோபின் 8.9. சிவப்பணுக்களின் சராசரி அளவான எம்.சி.வி. 72, அதாவது அணுக்கள் சிறுத்திருக்கின்றன. இரும்புக் கையிருப்பைப் பார்க்க எடுக்கும் ஃபெர்ரிட்டின் 82. பரிசோதனைக்கூடம் அச்சிட்டிருந்த இயல்பு வரம்பு 13 முதல் 150 வரை. எண்ணுக்குப் பக்கத்தில் எந்தக் குறியும் இல்லை. அதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

ஐஸ்கட்டி மெல்லத் தோன்றுகிறதா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்து, ஃப்ரீசரில் இதற்கென்றே ஒரு தட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். அதுவரை அவரிடம் இதை யாரும் கேட்கவில்லை. இரும்புச்சத்துக் குறைவில் ஐஸ்மேல் இப்படி ஓர் ஆசை வருவது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். கேட்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

சரி, 82 என்ற எண் ஏன் ஏமாற்றுகிறது? ஃபெர்ரிட்டின் என்பது செல்களுக்குள் இரும்பைப் பிடித்து வைக்கும் புரதம். அதில் கொஞ்சம் இரத்தத்திலும் கலந்திருக்கும். அந்தக் கொஞ்சத்தைத்தான் நாம் அளக்கிறோம். உடம்பில் அழற்சி இல்லாதபோது இது கையிருப்பை ஓரளவு நேர்மையாகவே காட்டும். ஆனால் அழற்சி வந்துவிட்டால் கதை வேறு. இன்டர்லூக்கின்-6 போன்ற தூது மூலக்கூறுகள் ஃபெர்ரிட்டின் உற்பத்தியைத் தாங்களே தூண்டிவிடும். இரும்பு கூடவில்லை, ஃபெர்ரிட்டின் மட்டும் கூடுகிறது. அழற்சியை அளக்க இரத்தத்தில் பார்க்கும் சி.ஆர்.பி. எப்படி ஏறுகிறதோ, அதே கும்பலோடு சேர்ந்து இதுவும் ஏறுகிறது. ஆக, குறைவு எண்ணைக் கீழே இழுக்கிறது, அழற்சி மேலே தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து நடுவில் ஓர் அழகான 'நார்மல்' எண்ணில் வந்து நிற்கிறது.

இதே அழற்சி கல்லீரலை ஹெப்சிடின் என்ற ஹார்மோனையும் அதிகம் சுரக்க வைக்கும். ஹெப்சிடின் ஏறினால் குடல் இரும்பை உள்ளே விடாது. பழைய சிவப்பணுக்களை உடைத்து இரும்பை மீட்கும் செல்களும் அதை வெளியே விடாது. கிடங்கில் சரக்கு இருக்கிறதோ இல்லையோ, கதவு பூட்டித்தான் இருக்கும்.

இப்போது என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். அச்சிட்ட இயல்பு வரம்பு எல்லோருக்கும் எல்லாச் சூழலுக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கை. அந்த வரம்பு ஆரோக்கியமானவர்கள் என்று கருதப்பட்டவர்களிடம் அளந்து வகுத்தது. உங்கள் மூட்டு வீங்கியிருப்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. அழற்சி இல்லாத பெரியவர்களிலேயே 30-க்குக் கீழே இருந்தால் குறைவு என்றுதான் எங்களில் பலர் எடுத்துக்கொள்கிறோம். அப்படியிருக்க, கீழ் எல்லை 13 என்று அச்சிட்ட தாளில் 18 வந்தாலும் குறி விழாது. நோய்த்தொற்றோ அழற்சியோ இருக்கும் பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனமே எல்லையை 70 வரை உயர்த்தியிருக்கிறது. குடல் அழற்சி நோய்களில் நோய் மும்முரமாக இருக்கும்போது 100 வரை இருந்தாலும் குறைவு இருக்கலாம் என்று பார்க்கிறோம். இதயச் செயலிழப்பு, நாள்பட்ட சிறுநீரக நோய் இவற்றில் எல்லை இன்னும் மேலே போகும். குறி இல்லை என்பதற்காகக் குறை இல்லை என்று ஆகிவிடாது. இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள்.

அந்தப் பெண்மணிக்கு மேற்கொண்டு எடுத்தது ரொம்பச் சாதாரணமான பரிசோதனைகள்தான். சி.ஆர்.பி. 46, அதாவது அழற்சி நன்றாகவே இருக்கிறது. சீரம் இரும்பு 24, இரும்பைப் பிணைக்கும் மொத்தத் திறன் 290. முதலாவதை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் கிட்டத்தட்ட 8 சதவீதம். இதுதான் இரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் புரதமான டிரான்ஸ்ஃபெரினின் நிறைவு. 20-க்குக் கீழே போனால் எலும்பு மஜ்ஜைக்கு இரும்பு போதுமான அளவு போய்ச்சேரவில்லை என்று பொருள்.

இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. சீரம் இரும்பு வெறும் அழற்சியாலும் குறையும். அதனால் அதை மட்டும் பார்த்து 'இரும்பு இல்லை' என்பதும் தவறு. நிறைவு சதவீதமும் அழற்சியில் கொஞ்சம் இறங்கும். ஆனால் அழற்சி மட்டுமே காரணம் என்றால் பிணைக்கும் திறனும் பொதுவாகக் குறைந்திருக்கும், ஃபெர்ரிட்டின் 100-ஐத் தாண்டியிருக்கும், சிவப்பணுக்கள் பெரும்பாலும் இயல்பான அளவில் இருக்கும். இவருக்கு மூன்றுமே அப்படி இல்லை. குழப்பம் தீராதபோது கரையும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி என்றொரு பரிசோதனை கைகொடுக்கும். இரும்பு குறைந்தால் அது ஏறும், அழற்சிக்கு அவ்வளவாக அசையாது. எல்லா இடத்திலும் கிடைக்காது என்பதுதான் சிக்கல்.

அப்புறம் என்ன, இரும்பு எங்கே போகிறது என்று தேட வேண்டும். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் புண் தெரிந்தது. வலி மாத்திரை செய்த வேலை. 'முடக்குவாதச் சோகை' என்று முத்திரை குத்தி விட்டிருந்தால் அந்தப் புண் கசிந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

இவர் ஏற்கெனவே சில மாதங்கள் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் பலனில்லை. மாத்திரைமேல் குற்றமில்லை. ஹெப்சிடின் ஏறியிருக்கும்போது குடல் வழியாக ஏறுவது கஷ்டம், அதோடு கசிவு வேறு. வலி மாத்திரையை நிறுத்தி, புண்ணுக்கும் மூட்டுக்கும் மருந்தைச் சரிசெய்து, இரும்பை நரம்பு வழியாக ஏற்றினோம். ஹீமோகுளோபின் ஏறத் தொடங்கியது.

இன்னொன்று, குடல் அழற்சி நோயுள்ள ஓர் இளைஞரிடம் பார்த்தது. நோய் மும்முரமாக இருந்தபோது ஃபெர்ரிட்டின் 140. அழற்சி அடங்கியபின் எடுத்தால் 21. "மருந்து என் இரும்பைக் குறைத்துவிட்டதா டாக்டர்?" என்று பதறினார். இல்லை, முன்பும் குறைவுதான். அழற்சி போட்டிருந்த போர்வை விலகியதும் தெரிந்தது, அவ்வளவுதான்.

காய்ச்சல், சளி, அறுவை சிகிச்சை என்று இருக்கும்போது ஃபெர்ரிட்டின் எடுக்காதீர்கள், அவசரமில்லை என்றால் சில வாரம் தள்ளிப்போடுங்கள். எடுத்தால் சி.ஆர்.பி.யையும் டிரான்ஸ்ஃபெரின் நிறைவையும் சேர்த்தே எடுங்கள். இரும்பு மாத்திரை விழுங்கிவிட்டு அன்றே சீரம் இரும்பு பார்க்கப் போகாதீர்கள், ஒரு நாளாவது இடைவெளி வேண்டும், காலையில் வெறும் வயிற்றில் போவது நல்லது. நரம்பு வழி இரும்பு ஏற்றியபின் குறைந்தது நான்கு வாரம் ஃபெர்ரிட்டின் பக்கம் போகவே வேண்டாம், ஆயிரத்தைக்கூடத் தாண்டி நின்று எல்லோரையும் பயமுறுத்தும்.

இதைப் படித்துவிட்டு ஃபெர்ரிட்டின் 400 இருப்பவர் எல்லாம் கடையில் இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடக் கிளம்பிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கொழுப்புக் கல்லீரல், மதுப்பழக்கம், உண்மையிலேயே இரும்பு தேங்கும் நோய் என்று எண் ஏறுவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. நிறைவு சதவீதம் 45-ஐத் தாண்டியிருந்தால் நாம் தேட வேண்டியது குறைவை அல்ல, தேக்கத்தை. அந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.